அம்மிணி என்றொரு சொல், மூன்று தேதிகள்

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறாள். கூட வேலை செய்பவர் தன்னைத் தொடர்ந்து மட்டம் தட்டுகிறார் என்று எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள். இரண்டு பக்கம். "ஆணாதிக்கத் திமிர்", "எப்போதும் பெண்களை இழிவுபடுத்துகிறவர்". எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் என்ன சொன்னார் என்பது அதில் ஓரிடத்திலும் இல்லை.

"அப்படி என்னதான் சொன்னாரு?"

"அம்மிணிம்பாருங்க மேடம்."

இங்கேதான் சிக்கல். கொங்கில் அம்மிணி வசைச்சொல் அல்ல. என் அத்தை என்னை இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஒரு சொல்லின் விஷம் அகராதியில் இருப்பதில்லை; யார், யார் முன்னால், எதற்குப் பதிலாகச் சொன்னார் என்பதில் இருக்கிறது. தொனியைத் தாளில் ஒட்ட முடியாது. சுற்றி இருந்ததை எழுத முடியும். இருவரும் உட்கார்ந்து மறுபடி எழுதினோம்.

"ஜூன் 3, காலை 10 மணி, உற்பத்திக் கூட்டம். துணி வந்து சேரும் தேதியை நான் சொன்னபோது, 'அம்மிணிக்குக் கணக்கு வராதுங்க, நான் சொல்றேன்' என்றார். அவர் சொன்னதும் நான் சொன்ன அதே தேதிதான். ஐந்து பேர் இருந்தோம்.

ஜூன் 12, மதியம், சாம்பிள் அறை. பையரின் ஏஜென்ட் முன்னால், 'கல்யாணம் ஆனா இந்த அம்மிணி போயிரும், நீங்க என்கிட்டயே பேசிக்குங்க' என்றார்.

ஜூன் 24, இரவு 7.40, ஷிப்மென்ட் வாட்ஸ்அப் குழு. 'அம்மிணி தூங்கிருச்சா?' படம் இணைத்துள்ளேன்.

குழுவிலுள்ள ஆண்களை அவர் சார் என்றோ பெயர் சொல்லியோ அழைக்கிறார்."

கடைசி வரியில் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் மற்ற மூன்றையும் படிக்க வைப்பது அதுதான்.

"என் கோவம் எங்கீங்க மேடம்?" என்றாள். எனக்கும் உறுத்தியது. அடக்கமாகப் பேசு என்று காலங்காலமாகப் பெண்ணுக்குச் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேனா? யோசித்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது. அவர் பேசியதில் ஒரு எழுத்தையும் நாங்கள் மென்மையாக்கவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்ற தீர்ப்பை மட்டுமே எடுத்தோம். "திமிர்" என்று எழுதினால் அவர் அதை மறுத்து நாளெல்லாம் பேசலாம். "எப்போதும்" என்றால், மரியாதையாகப் பேசிய ஒரு நாளைக் காட்டிக் கடிதம் முழுவதையும் கவிழ்க்கலாம். "ஜூன் 3 அன்று இப்படிச் சொன்னார்" என்றால் சொன்னேனா இல்லையா என்பதற்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். அவர் பக்கத்தைச் சொல்ல அவருக்கும் அது நியாயமான இடம் தருகிறது. அந்த நியாயத்தை அவருக்குத் தர அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கும்தான்.

கோபத்தை முழுக்க விட்டுவிடவும் இல்லை. "ஜூன் 12க்குப் பின் நடந்த இரண்டு கூட்டங்களில் நான் பேசவில்லை" என்று சேர்த்தாள். அதுவும் நடந்ததுதான். முடிவில் ஒரே வேண்டுகோள்: கூட்டங்களில் என்னைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்லுங்கள், இதைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்புங்கள்.

அந்தப் பேச்சு பாலியல் சாயல் கொண்டதாக இருந்தால் எச்.ஆரோடு நிற்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள் குழு இருக்க வேண்டும். புகார் அதற்குப் போக வேண்டும். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம் அவகாசம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தேதி எழுதாதவள் இந்தக் கணக்கிலேயே தோற்றுப்போவாள்.

மின்னஞ்சல் எழுத முடிவதே ஒரு சலுகை என்பதையும் சொல்ல வேண்டும். செக்கிங் மேசையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்குக் கணினி ஏது? எழுதித் தர இயலாதவளுக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் குழுவிடம் போகவே பயம் என்றால்? 2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். மேற்பார்வையாளர் அவளை வெகுநாள் தொல்லை செய்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். அதன் பிறகு, 2022 ஏப்ரலில், பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடிப் பெற்ற திண்டுக்கல் ஒப்பந்தத்தில், தொழிலாளிகளே ஆலைக்குள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். புகார் சொன்னவளைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அதில் எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஒருத்தி துணை நின்றால், வாயால் சொன்ன தேதியும் ஏட்டில் ஏறும்.

என் மாணவி திங்கட்கிழமை காலை அனுப்பினாள். அவர் "ஊர்ப் பேச்சுங்க, பாசத்துல சொன்னது" என்றாராம். ஜூன் 3 கூட்டத்தில் இருந்த மூன்று பேரை எச்.ஆர் விசாரித்தது. இருவர் நினைவில்லை என்றார்கள். ஒருவர், கட்டிங் மாஸ்டர், அவள் எழுதியபடியே சொன்னார். இப்போது கூட்டத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர் மட்டும் எப்படியும் கூப்பிடுவதில்லை. அதையும் தேதியோடு குறித்து வைத்திருக்கிறாள்.