அஞ்சி வந்தவரிடம் சொல்லும் முதற்சொல்

திருவள்ளுவர் இனியவை கூறலை இல்லறவியலிலும், வாய்மையைத் துறவறவியலிலும் வைத்தார். இல்லறத்தானுக்கு வாய்மை வேண்டா என்பதோ, துறவிக்கு இன்சொல் வேண்டா என்பதோ அவர் கருத்தாகாது. எனினும், இனிய சொல்லும் உண்மைச் சொல்லும் எல்லா நேரத்திலும் ஒன்றாக அமைந்துவிடுவதில்லை என்பதை நாம் வாழ்க்கையில் கண்டுவருகிறோம். சட்டச் சிக்கலில் அகப்பட்டு, நாணியோ அஞ்சியோ தம் அறைக்குள் வந்து நிற்கும் ஒருவரிடம் வழக்கறிஞர் சொல்ல வேண்டிய முதற்சொல் எது என்னும் வினா, இந்த இடர்ப்பாட்டிலிருந்தே பிறக்கிறது. இரக்கத்தால், 'ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதா? உண்மையை நாடி, 'ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்பதா? முன்னது இனிமையானது, ஆனால் உண்மையன்று. பின்னது உண்மையை நாடுவது. ஆனால் உண்மையைப் பெறுவதன்று. இரண்டிற்கும் அப்பால் மூன்றாவது சொல் ஒன்று உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்பது நன்று. மும்பைத் தாராவியில் இட்லி வணிகம் செய்யும் நெல்லைச் சீமைக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். தம் ஊர்க்காரர் ஒருவரிடம் அவர் 2,00,000 ரூபாய் கடன் வாங்கினார். ஈடாகக் கையெழுத்து மட்டும் இட்ட வெற்றுக் காசோலை ஒன்றைக் கொடுத்தார். பின்னர், கைப்பேசி வழியாக 70,000 ரூபாயும், கையில் ரொக்கமாக 50,000 ரூபாயும் திருப்பிச் செலுத்தினார். இடையில் இருவருக்கும் மனக்கசப்பு நேர்ந்தது. கடன் கொடுத்தவர் காசோலையில் 2,00,000 என்று முழுத் தொகையையும் எழுதி வங்கியில் இட்டார். கணக்கில் போதிய பணம் இல்லை என்று அது திரும்பியது. ஜூன் 3ஆம் நாள் வழக்கறிஞர் நோட்டீசு ஒன்று பதிவஞ்சலில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அந்த மடலில், சிறை என்னும் சொல் ஒன்று மட்டும் அவருக்குப் புரிந்தது. மனைவிக்கும் தெரியாமல் அதைப் பீரோவின் துணிகளுக்கு அடியில் வைத்தார். ஒன்பது நாள் உறக்கமின்றிக் கழிந்த பின், ஜூன் 12ஆம் நாள் தமிழ் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைத் தேடி மைத்துனரோடு வருகிறார்.

அவரைப் பற்றியிருப்பவை இரண்டு. ஒன்று அச்சம், மற்றொன்று நாணம். இவ்விரண்டையும் நாம் ஒன்றெனக் கொண்டுவிடுகிறோம். ஆனால் இவற்றின் இயல்பு வேறு. அச்சம் வரப்போவதைப் பற்றியது; என்ன நடக்கும் என்று தெரியாமையே அதன் வேர். நாணம் நடந்துவிட்டதைப் பற்றியது. பிறர் கண்ணுக்குத் தாம் எப்படித் தெரிவோம் என்பதே அதன் வேர். தாய்மண்ணை விட்டு வந்து வாழும் நம்மவரிடையே நாணம் இன்னும் கூர்மையானது. கடன் கொடுத்தவரும் ஊர்க்காரர். சாட்சி சொல்லக்கூடியவரும் ஊர்க்காரர். நாளை மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது விசாரிக்கப்படுபவரும் ஊர்க்காரரே. அச்சத்திற்கு மருந்து செய்தி. நாணத்திற்கு மருந்து மறைவிடம். முதற்சொல் இரண்டையும் தர வேண்டும்.

இப்போது, 'வெற்றுக் காசோலையில் யாராவது கையெழுத்திடுவார்களா?' என்று வழக்கறிஞர் தொடங்குவதாகக் கொள்வோம். நாணமுற்ற மனம் உடனே ஒளிய இடம் தேடும். மைத்துனரும் அருகில் அமர்ந்திருக்கிறார். 'அது என் கையெழுத்தே அன்று. காசோலை தொலைந்துபோனது' என்று அவர் சொல்லிவிடக்கூடும். அந்தப் பொய் வழக்கறிஞரின் தாளில் ஏறி, மறுமொழி மடலிலும் ஏறிவிட்டால், அதுவே அவருடைய எதிர்வாதம் ஆகிவிடும். வங்கியில் உள்ள மாதிரிக் கையெழுத்து ஒருநாள் அதைப் பொய்ப்பிக்கும். அன்று இடிந்து விழுவது அந்த ஒரு பொய் மட்டும் அன்று. அவர் சொல்லும் மெய்யையும் எவரும் நம்பார்.

இதில் உள்ள துயரம் என்னவெனில், அவர் நாணி மறைக்கும் உண்மை அவருக்குத் தீங்கு செய்வதன்று, அவரைக் காப்பது. வெற்றுக் காசோலை கொடுத்தேன் என்பது தனியே ஒரு பாதுகாப்பு ஆகாது. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலை, கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று சட்டம் ஊகிக்கும் என உச்ச நீதிமன்றம் 2019இல் பீர் சிங் வழக்கில் கூறியது. ஆனால் அதே நீதிமன்றம் 2022இல் தசரத்பாய் படேல் வழக்கில் மற்றொன்றையும் தெளிவாக்கியது. காசோலை கொடுத்த பின் கடனில் ஒரு பகுதி திருப்பிச் செலுத்தப்பட்டிருந்தால், அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கு வங்கியில் இடுவது 138ஆம் பிரிவின் கீழ்க் குற்றத்திற்கு அடிப்படை ஆகாது. ஆகவே நம் இட்லி வணிகரின் காப்பு, 'கையெழுத்திடவில்லை' என்னும் பொய்யில் இல்லை. 'கையெழுத்திட்டேன், ஒரு பகுதியைத் திருப்பியும் கொடுத்தேன்' என்னும் மெய்யில் இருக்கிறது. தவறாக அமைந்த முதற்சொல் அந்த மெய்யைத் தொண்டையிலேயே அடைத்துவிடும்.

இனி, இரக்கமுள்ள முதற்சொல்லைப் பார்ப்போம். 'கவலையை விடுங்கள், இதெல்லாம் ஒன்றுமில்லை' என்று கேட்டவர் நிம்மதியோடு வீடு திரும்புவார். நோட்டீசு மீண்டும் துணிக்கு அடியில் போகும். ஆனால் காலம் நிற்பதில்லை. நோட்டீசு கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் செலுத்தலாம் என்று சட்டம் இடம் தருகிறது. ஜூன் 3இல் கிடைத்தது எனில் ஜூன் 18 கடைசி நாள். அதன் பின் ஒரு மாதத்திற்குள் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் முறையீடு செய்யலாம். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் ஈராண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இதனை 'ஒன்றுமில்லை' என்பது பொய். அன்று இன்பம் தந்த அச்சொல், எஞ்சியிருந்த ஆறு நாளையும் திருடிக்கொள்ளும்.

மூன்றாவது சொல் எப்படி இருக்கும்? வழக்கறிஞர் முதலில் மைத்துனரிடம், "சற்று வெளியே இருங்கள், இவரிடம் தனியே பேசிவிட்டு உங்களை அழைக்கிறேன்" என்கிறார். கதவு சாத்தப்பட்ட பின் பேசுகிறார்:

"உட்காருங்கள், அண்ணாச்சி. நீங்கள் இங்கே சொல்வதை உங்கள் இசைவில்லாமல் நான் யாரிடமும் சொல்லக் கூடாது, உங்கள் வீட்டாரிடமும்தான். இந்த மடல் உங்கள் கைக்கு என்று வந்தது?"

"மூன்றாம் தேதி, ஐயா. போலீசு வருமா?"

"இந்த மடலுக்காகப் போலீசு வராது. இன்றைய நாளில் நீங்கள் குற்றவாளி அல்லர். பதினைந்து நாள் கடந்தும் பணம் செலுத்தாவிட்டால்தான் சட்டப்படி குற்றம் என்ற பேச்சே எழும். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அந்தக் காசோலையின் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள்."

இதில் தேற்றும் சொல் ஒன்று உண்டு: 'இன்றைய நாளில் நீங்கள் குற்றவாளி அல்லர்' என்பது. அது இரக்கத்தால் புனைந்த சொல்லன்று, சட்டத்தின் சொல். காசோலை திரும்பியதாலேயே குற்றம் முற்றுப்பெறுவதில்லை. கேட்ட பின்னும் உரிய நாளுக்குள் செலுத்தாமையே அதை முற்றுவிக்கிறது. போலீசு பற்றிய விடையும் அத்தகையதே. பணம் பெற வேண்டியவர் எழுத்தில் முறையிட்டால்தான் நீதிமன்றம் இவ்வழக்கை ஏற்கும். குற்றமும் பிணையில் விடத்தக்க வகையைச் சேர்ந்தது. அஞ்சி வந்தவரைத் தேற்றும் மெய் ஒன்று அவர் வழக்கிலேயே பெரும்பாலும் புதைந்திருக்கும். அதைத் தேடி எடுத்து முன்னே வைப்பதே வழக்கறிஞரின் அறிவும் அருளும் கூடும் இடம்.

'ஏன் செய்தீர்கள்?' என்று கேளாமல் 'என்று வந்தது?' என்று கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'ஏன்' என்பது மனிதரை எடைபோடும் வினா. 'என்று' என்பது தாளைப் பார்த்துச் சொல்லக்கூடிய வினா. அதற்கு விடையளிப்பதில் நாணம் இல்லை. ஒரு சிறு மெய்யைச் சொல்லிய நா, அடுத்த மெய்யைச் சொல்லத் துணியும். 70,000 ரூபாய்க்கு வங்கிப் பதிவு உண்டு என்பதும், 50,000 ரூபாய்க்குச் சாட்சி இல்லை என்பதும் இப்படித்தான் வெளிவரும். மீதி 80,000 ரூபாயை வங்கி வழியாக ஜூன் 18க்குள் அனுப்பி, நடந்ததை நடந்தவாறே கூறும் மறுமொழி மடலையும் விடுக்க அப்போது வழி பிறக்கிறது. இதனால் வழக்கே வராது என்று வழக்கறிஞர் உறுதி தர இயலாது, தரவும் கூடாது. '70,000 ரூபாயை வட்டிக்காகவே பெற்றேன்' என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அதனையும் அன்றே சொல்லிவிடுதல் வேண்டும்.

மறைவைப் பற்றிய உறுதிமொழிக்கும் எல்லை உண்டு. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இக்கடமை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவில் தொடர்கிறது. வழக்கறிஞரின் எழுத்தரையும், இடையே மொழிபெயர்ப்பவரையும் அது கட்டுப்படுத்துகிறது. பணி முடிந்த பின்னும் நீடிக்கிறது. துணைக்கு வந்து அருகில் அமர்ந்து கேட்கும் உறவினரை அது கட்டுப்படுத்தாது. மைத்துனர் வெளியே இருக்க வேண்டியதற்கு அதுவும் ஒரு காரணம். மேலும், இனிச் செய்யப்போகும் சட்டமீறலுக்குத் துணை வேண்டிச் சொல்வதை அச்சட்டம் மூடிக் காப்பதில்லை. 'பழைய தேதியிட்டு 50,000 ரூபாய்க்கு ஒரு ரசீது எழுதிக்கொள்ளலாமா?' என்று அண்ணாச்சி கேட்பாராயின், 'நீங்கள் சொன்ன மெய்யை நான் வெளியிட மாட்டேன். ஆனால் பொய்யை எடுத்துச் செல்லவும் மாட்டேன்' என்பதே விடை. எல்லையைக் கூறாத உறுதிமொழி, 'ஒன்றுமில்லை' என்ற ஆறுதலைப் போலவே ஒரு பொய்யாகும்.

'அஞ்சட்டுமே, அச்சம்தான் மனிதரை நேராக்கும்' என்று சொல்வாரும் உளர். கடனைத் தள்ளிப் போட்டவர் சற்று வருந்துவதில் தவறில்லை என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அச்சம் அவரை எங்கே கொண்டு சென்றது என்று பார்க்க வேண்டும். அது அவரைக் கடன் கொடுத்தவரிடம் கொண்டு செல்லவில்லை. மடலைத் துணிக்கு அடியில் ஒளிக்கச் செய்தது. வேறு சிலரை, அஞ்சல்காரரிடம் மடலை வாங்காமலேயே திருப்பி அனுப்பச் செய்கிறது. சரியான முகவரிக்குப் பதிவஞ்சலில் வந்ததை வாங்க மறுத்தாலும், அது சேர்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும் என்பதை அவர்கள் அறியார். கடமையை எண்ண ஒருவருக்குச் சற்றேனும் மன அமைதி வேண்டும். 'மீதி 80,000 ரூபாயைத் தர வேண்டியவன் நான்' என்று அண்ணாச்சி தாமே ஒப்புக்கொண்டது, குற்றவாளி அல்லர் என்று கேட்ட பின்னரே என்பதை மறத்தல் ஆகாது.

ஆகவே நல்ல முதற்சொல் என்பது தீர்ப்பும் அன்று, வாக்குறுதியும் அன்று. இங்கே பேசலாம் என்னும் இடத்தையும், இன்று நிலைமை இது என்னும் அளவையும், கையில் இத்தனை நாள் உண்டு என்னும் காலத்தையும் காட்டும் சொல் அது. இனிமை வேண்டி அதில் ஒரு பொய்யைச் சேர்க்க வேண்டியதில்லை. உண்மை வேண்டி ஒரு கடுமையையும் சேர்க்க வேண்டியதில்லை.