வேஷமும் வெய்ஸ்ட்கோட்டும்

ஒருவரைப் பார்த்து ‘வேஷம் போட்ட மாதிரி இருக்கு’ என்று சொல்கிறோமே, அதில் எதைக் குற்றம் சொல்கிறோம்? உடை அவருக்குச் சொந்தமில்லை என்பதையா? அப்படிப் பார்த்தால் அழைப்பிதழில் ‘பிளாக் டை’ என்று போட்ட இரவு விருந்துக்குப் போகும் மலேசியத் தமிழன் எதைப் போட்டாலும் வேஷம்தான். கோட் வெள்ளைக்காரனுடையது, போ டை வெள்ளைக்காரனுடையது, வெய்ஸ்ட்கோட்டும் அவனுடையதுதான் என்று முடித்துவிடலாம்.

ஆனால் வெய்ஸ்ட்கோட்டின் கதை அவ்வளவு நேராக இல்லை. 1666 அக்டோபரில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ் அதை அரண்மனையில் புதிய மோஸ்தராகக் கொண்டுவந்தான். சாமுவேல் பீப்ஸ், ஜான் ஈவ்லின் இருவரின் நாட்குறிப்புகளிலும் அந்த மாதப் பதிவுகளில் இது வருகிறது. ஈவ்லின் அதைக் கீழைநாட்டுப் பாணி என்றே எழுதுகிறார். வெய்ஸ்ட்கோட்டுக்குப் பதிலாகக் கட்டும் ‘கம்மர்பண்ட்’ இன்னும் வெளிப்படை. பாரசீகத்துக் கமர்பந்த், நம் இடைக்கச்சையின் உறவுக்காரன், இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் வழியாக அங்கே போனது. ஆக, யாருடைய உடை என்ற கேள்வியை வைத்து வேஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

எனக்குத் தோன்றும் பதில் கொஞ்சம் பொறியாளர்தனமானது. உடையின் ஒரு பாகம் தன் வேலையைச் செய்தால் அது உடை. வேலையை விட்டுவிட்டு, அந்த வேலையைச் செய்வதாகக் காட்டிக்கொண்டால் வேஷம்.

இரவு உடையில் வெய்ஸ்ட்கோட்டுக்கு ஒரே வேலைதான்: சட்டை கால்சட்டைக்குள் போகும் இடத்தை மறைப்பது. அதனால்தான் அதன் கழுத்து வெகுவாகத் தாழ்ந்து, சட்டையின் வெள்ளை மார்பை முழுக்கத் திறந்து வைத்திருக்கும். பட்டன் மூன்றோ நான்கோதான். கறுப்பு நிறம், கோட்டின் துணியே இதற்கும் இருந்தால் நல்லது. கோட்டைப் பூட்டி நின்றால் அது கண்ணில் படவே கூடாது, பட்டாலும் ஒரு கீற்றுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகிறவர்களுக்குப் பட்டுப்போல் பளபளக்கும், நெஞ்சுவரை ஏறிய, ஆறு பட்டன் வைத்த ஒன்றை மாட்டிவிடுகிறார்கள்.

என் நண்பன் ஒருவனுக்கு அதுதான் நடந்தது. நிறுவனத்தின் அனுவல் டின்னர், அழைப்பிதழில் பிளாக் டை. வாடகைக் கடையில் ஒரு ‘செட்’ கொடுத்தார்கள்: மெரூன் சாட்டின் வெய்ஸ்ட்கோட், அதே மெரூனில் போ டை, அதே மெரூனில் பாக்கெட் ஸ்குவேர். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “மச்சான், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இருக்குடா” என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இல்லன்னா வெயிட்டர் மாதிரி” என்றான்.

சிரிக்க முடியவில்லை. அவனுடைய அப்பா ஹோட்டல் விருந்து மண்டபத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வெய்ஸ்ட்கோட் போட்டு வேலை செய்தவர். மகன் இப்போது அதே மாதிரி மண்டபத்தில் மேசையில் உட்காரப் போகிறான். அப்பா மாதிரித் தெரியக் கூடாது என்று நினைப்பது எவ்வளவு கூச்சமான ஆசை! அவன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அப்பாவிடமே போய்க் கேட்டான், அது எனக்குப் பிடித்தது.

அவர் யோசிக்கவேயில்லை. “எங்க மேல கோட் கிடையாதுல்லப்பா. அதான் எங்களுது மேல ஏறி இருக்கும், எல்லா பட்டனும் போட்டிருக்கும். பேனா, ஓப்பனர், ஆர்டர் புக்கு எல்லாம் அதுலதான். உன்னுது உள்ளுக்குப் போடுறது. உள்ளுக்குப் போடுறத எதுக்கு வெளிய காட்டுற?”

தையல் புத்தகம் எதிலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பரிமாறுகிறவரின் வெய்ஸ்ட்கோட் மேலுடை. அதற்குப் பைகள் வேண்டும், தனியாக நின்று முழுமையாகத் தெரிய வேண்டும். விருந்தாளியுடையது உள்ளுடை. கடை கொடுத்த மெரூன் துணி இரண்டுமில்லை. மேலுடையின் உருவம், உள்ளுடையின் இடம்.

சார்த்தர் 1943இல் வந்த தன் பெரிய நூலில் ஒரு கஃபே வெயிட்டரைப் பற்றிப் பேசுகிறார். அந்த மனிதனின் அசைவுகள் தேவைக்குமேல் கச்சிதமாக, வேகமாக இருக்கின்றன. அவன் வெயிட்டராக இருப்பதை நடித்துக்கொண்டிருக்கிறான் என்கிறார். படித்தபோது சரி என்று பட்டது. நண்பனின் அப்பாவைப் பார்த்தபின் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே இன்னொருவரின் வேலையில் நடிப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். மூன்றும் ஒரே மெரூனில் போட்டு உட்காரும் விருந்தாளியின் நடிப்பை யார் எழுதுவது?

சரி, நண்பனின் விஷயத்துக்கு வருகிறேன். சாட்டின் லேப்பல் வைத்த கறுப்பு கோட் தோளில் சரியாக உட்கார்ந்ததால் அதை மட்டும் வாடகைக்கு எடுத்தான். தாழ்ந்த கழுத்துள்ள கறுப்பு வெய்ஸ்ட்கோட்டை மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு தையல்காரரிடம் தைக்கக் கொடுத்தான். போட்டுப் பார்த்ததும் அடுத்த பிரச்சினை: கையைத் தூக்கினால் வெய்ஸ்ட்கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைச் சட்டை எட்டிப் பார்த்தது. “கீழ இறக்கிடலாம் தம்பி” என்றார் தையல்காரர். இறக்கினால் உட்காரும்போது வயிற்றில் மடிந்து நிற்கும். எழுந்தால் கோட்டின் பட்டனுக்குக் கீழே நாக்குப்போல் நீட்டிக்கொண்டிருக்கும். கோளாறு வெய்ஸ்ட்கோட்டில் இல்லை. அவனுடைய கால்சட்டை, இப்போதைய வழக்கப்படி இடுப்பெலும்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தொப்புள் உயரத்துக்கு ஏறும் கால்சட்டை ஒன்றைத் தைத்து, பெல்ட்டை விட்டு, தோள்வார் போட்டதும் இடைவெளி தானாக மறைந்தது. செலவு கூடியது உண்மைதான். அந்தக் கால்சட்டைக்குப் பணமில்லை என்றால் வெய்ஸ்ட்கோட்டையே விட்டுவிட்டு டபுள் பிரெஸ்டட் கோட் போடலாம். அதற்குள் வெய்ஸ்ட்கோட் வேண்டியதே இல்லை.

பாக்கெட் ஸ்குவேர் சின்ன விஷயம், ஆனால் பொய் அங்கேதான் அதிகம். அட்டையில் மூன்று முனைகளைத் தைத்து, அப்படியே சொருகிக்கொள்ளும்படி விற்கிறார்கள். அந்தக் கைக்குட்டையால் கண்ணீரையும் துடைக்க முடியாது, கறிக் குழம்பையும் துடைக்க முடியாது. (வெல்க்ரோ வைத்த ஒட்டிக்கோ வேட்டியை நாம் கல்யாணத்துக்குக் கட்டுவதும் ஏறக்குறைய இதேதான். ஆனாலும் வேட்டி அவிழாமல் காக்கும் வேலையை அந்த வெல்க்ரோ செய்கிறது, அதனால் மன்னித்துவிடலாம்.) நண்பன் வாங்கியது வெள்ளை லினன், ஒரு பக்கம் 33 சென்டிமீட்டர். பட்டு வழுக்கிப் பைக்குள் இறங்கிவிடும், லினன் மடித்த மடிப்பில் நிற்கும். இஸ்திரி போட்டு, நான்காக மடித்து, பையின் அகலத்துக்கு ஒரு பக்கத்தை உள்ளே தள்ளி, அடியை உயரத்துக்கேற்ப மேலே மடக்கினால் போதும். வெளியே ஒரு சென்டிமீட்டர் நேர்கோடாகத் தெரிந்தால் சரி.

ஏன் போ டையின் துணியிலேயே வேண்டாம்? இரண்டும் ஒரே பெட்டியில் வந்தது தெரிந்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, உங்களுக்காக யாரோ தேர்ந்தெடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும். வெள்ளைக்கு அந்தச் சிக்கல் இல்லை, சட்டையோடு சேர்ந்துகொள்ளும்.

டின்னரில் யாரும் அவன் உடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். பக்கத்து மேசையில் ஒருவர் பைச் சங்கிலியும் தொப்பியுமாக வந்திருந்தார், சங்கிலியின் முனையில் கடிகாரம் இல்லை. அவரோடு எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். பாதி விருந்தில் பரிமாறிய பையன் ஒருவனின் விரலில் கண்ணாடி வெட்டிவிட, நண்பன் அந்த லினனை உருவிக் கொடுத்திருக்கிறான். மீதி இரவெல்லாம் பை காலியாகவே இருந்ததாம்.