நண்பரின் முடிவு நமக்குப் பிடிக்காதபோது

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஃது.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! நம் நெருங்கிய நண்பர் ஒருவர் தன் வாழ்க்கையில் ஒரு பெரிய முடிவை எடுக்கிறார். அது ஹராமான காரியம் இல்லை. ஆனால் அது தவறான முடிவு என்று நம் மனம் உறுதியாகச் சொல்கிறது. இப்போது நாம் என்ன செய்ய வேண்டும்? பார்க்கும் போதெல்லாம் உபதேசம் செய்தால் அவர் நம்மைக் கண்டு ஒதுங்கிப் போவார். "மாஷா அல்லாஹ், அருமையான முடிவு" என்று சொன்னால் நாம் பொய் சொன்னவராவோம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் நடந்து காட்டியவர்களின் வாழ்க்கையை இன்று பார்ப்போம்.

முதலில் பரீரா (ரலி) அவர்களின் சம்பவம். அடிமையாக இருந்த அவர்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடுதலை செய்தார்கள். விடுதலையானதும், அடிமையாகவே இருந்த கணவர் முகீஸ் (ரலி) அவர்களுடன் தொடர்ந்து வாழ்வதா, பிரிவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு வந்தது. பிரிவது என்று முடிவெடுத்தார்கள். முகீஸ் (ரலி) மதீனாவின் தெருக்களில் அவர்கள் பின்னால் அழுதுகொண்டே நடந்தார்கள். கண்ணீர் தாடியில் வழிந்தது. அதைப் பார்த்து இரங்கிய நபி (ஸல்) அவர்கள், கணவரிடம் திரும்பிப் போகலாமே என்று பரீராவிடம் சொன்னார்கள். இது கட்டளையா என்று பரீரா (ரலி) கேட்டார்கள். இல்லை, பரிந்துரை மட்டுமே என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். புகாரியில் வரும் இந்த அறிவிப்பில், அதற்குப் பிறகு கோபமோ, கண்டிப்போ, மறுபடியும் வற்புறுத்தலோ எதுவும் இல்லை.

சகோதரர்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். அல்லாஹ்வின் தூதரே தன் பரிந்துரையைக் கட்டளையாக ஆக்கவில்லை. அப்படியிருக்க, ஆகுமான ஒரு விஷயத்தில் நம் கருத்து நண்பருக்கு எப்படிக் கட்டளையாகும்? அது ஒரு மஷூரா. கேட்பதும் விடுவதும் அவர் உரிமை.

அடுத்து உஸாமா பின் ஸைத் (ரலி). நபி (ஸல்) அவர்களின் மடியில் வளர்ந்தவர் அவர்கள். உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் சிலர் உஸாமாவிடம் வந்து, நீங்கள் ஏன் கலீஃபாவிடம் பேசக்கூடாது என்று கேட்டார்கள். உங்கள் காதில் விழும்படி பேசினால்தான் பேசியதாகுமா, எனக்கும் அவருக்கும் இடையில் நான் பேசிவிட்டேன் என்ற கருத்தில் உஸாமா (ரலி) பதில் சொன்னார்கள். அதே அறிவிப்பில், ஒருவர் தலைவராக இருக்கிறார் என்பதற்காக அவரை மக்களில் சிறந்தவர் என்று புகழ மாட்டேன் என்றும் சொன்னார்கள். ஊர் கேட்க உபதேசமும் இல்லை, முகத்துக்கு நேரே முகஸ்துதியும் இல்லை.

பிறகு அலீ (ரலி) அவர்களின் கிலாஃபத், ஹிஜ்ரி 35 முதல் 40 வரை. அந்தப் போர்களில் உஸாமா (ரலி) கலந்துகொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. இளம் வயதில் ஒரு போர்க்களத்தில், கலிமா சொன்ன மனிதரை, உயிருக்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்துக் கொன்றுவிட்டார்கள். கலிமா சொன்ன பிறகுமா கொன்றாய் என்று நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்தக் கேள்வி உஸாமாவின் உள்ளத்தை விட்டு நீங்கவே இல்லை.

அப்படிப்பட்டவர்கள், தம் பணியாளர் ஹர்மலாவை அலீ (ரலி) அவர்களிடம் அனுப்பினார்கள். உன் எஜமான் ஏன் வரவில்லை என்று அவர் கேட்பார் என்பதை அறிந்து, பதிலையும் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்கள். நீங்கள் சிங்கத்தின் வாய்க்குள் இருந்தாலும் உங்களோடு இருக்கவே விரும்புவேன். ஆனால் இந்தக் காரியத்தை நான் சரியாகக் காணவில்லை என்பதுதான் அதன் கருத்து. ஹர்மலாவுக்கு அங்கே அலீ (ரலி) எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் ஹஸன், ஹுஸைன், அப்துல்லாஹ் பின் ஜஃபர் (ரலி) ஆகியோரிடம் போனபோது, அவர்கள் அவருடைய வாகனம் நிறையச் சுமை ஏற்றி அனுப்பினார்கள். உஸாமா போரில் சேரவில்லை என்று தெரிந்தும் அந்தக் குடும்பம் இப்படி நடந்துகொண்டது.

அந்தச் செய்தியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: உங்களோடு இருக்கிறேன்; இந்தக் காரியத்தில் இல்லை. நாம் பெரும்பாலும் ஒரு பகுதியை மட்டும் சொல்கிறோம். முதல் பகுதியை மட்டும் சொன்னால் அது நடிப்பாகும். இரண்டாவதை மட்டும் சொன்னால் நட்பு முறியும்.

இதை நம் ஊருக்குக் கொண்டு வருவோம். உங்களோடு மதரஸாவில் ஓதிய நண்பர், நாற்பத்திரண்டு வயது, பள்ளி ஆசிரியர். பதினாறு வருட வேலையை ராஜினாமா செய்துவிட்டு, ரியாத்தில் ஒரு கடைக்கு மேனேஜராகப் போகிறேன் என்கிறார். இரண்டு பிள்ளைகள் ஊரில் படிக்கிறார்கள்.

முதலில் கேளுங்கள்: "மச்சான், முடிவு பண்ணிட்டியா, இன்னும் யோசிச்சிட்டு இருக்கியா?" யோசிக்கிறார் என்றால் உங்கள் கருத்தை முழுமையாக, தனிமையில், ஒரே தடவை சொல்லுங்கள். விட்ட சர்வீஸ் திரும்பக் கிடைக்காது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, கஃபீல் யார், பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று விஷயத்தோடு பேசுங்கள். முடிவாகிவிட்டது என்றால், "எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் நீ போகும்போது வழியனுப்ப நான் வருவேன்" என்று சொல்லி நிறுத்துங்கள்.

அதன் பிறகு நாம் உபதேசிக்கிறோமா என்பதை எப்படி அறிவது? போனில் நாம் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் தெரியும். "சம்பளம் ஒழுங்கா வருதா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பது அக்கறை போலத் தோன்றும்; உண்மையில் அது பழைய வாதத்தின் தொடர்ச்சி. "அங்கே ரூமில் யார் சமைக்கிறார்கள்? இன்று என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். அது அவருடைய இன்றைய வாழ்க்கைக்குள் உங்களைக் கொண்டு போகும்.

முகத்தில் பாராட்டிவிட்டு டீக்கடையில் "அவன் மடத்தனம் பண்றான்" என்று பேசுவது இரட்டை முகம். ஹதீஸ் கடுமையாக எச்சரித்த குணம் அது. வழியனுப்பும்போது பொய்யில்லாமல் என்ன சொல்லலாம்? பயணம் போகிறவரின் தீனையும் அமானிதத்தையும் அமல்களின் முடிவையும் அல்லாஹ்விடம் ஒப்படைக்கும் துஆவை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அந்த துஆ முடிவுக்குத் தரும் சர்டிபிகேட் இல்லை. மனதார ஓதலாம்.

பயணச் செலவுக்குக் கடன் கேட்டால்? கொடுக்க முடிந்தால் கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டாலோ, ஜாமீன் கையெழுத்துப் போட மனமில்லையென்றாலோ, இல்லை என்று சொல்லுங்கள். உஸாமாவும் வாளை எடுக்கவில்லை. ஆனால் மறுப்பைத் தண்டனையாக ஆக்காதீர்கள்.

ஒரு எல்லை மட்டும் உண்டு. அந்தப் பயணத்துக்காக அவர் மனைவியின் மஹர் நகையை அவள் சம்மதமில்லாமல் விற்கப் போகிறார் என்றால், அது இனி அபிப்பிராய பேதமாக இருக்காது. இன்னொருவரின் ஹக். அங்கே மறுபடியும் பேசுவது கடமை.

நாளை எதிர்பார்த்தபடி நடக்காமல் அவர் திரும்பி வரலாம். "நான் அன்னிக்கே சொன்னேனே" என்ற வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நிற்கும். நடந்து முடிந்ததைப் பற்றி "அப்படிச் செய்திருந்தால்" என்று பேசுவது ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கும் என்பது நபிமொழியின் எச்சரிக்கை. நன்றாக நடந்தாலோ, நம் கணிப்பு பிழைத்ததே என்று வருந்தாமல் அவருக்காக மகிழ வேண்டும்.

உங்கள் மனதில் இப்போது ஒரு நண்பரின் பெயர் வந்திருக்கலாம். ஏற்கெனவே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள் என்றால், இன்று அஸருக்குப் பிறகு அவருக்கு ஒரு போன் போடுங்கள். அந்த முடிவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ஸலாம் சொல்லி நலம் விசாரியுங்கள்.

யா அல்லாஹ்! உண்மையைச் சொல்லும் நாவையும், சொன்ன பிறகு அமைதி காக்கும் பொறுமையையும், கருத்து வேறானாலும் விலகாத உள்ளத்தையும் எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.