புனித அந்திரேயா திருநாளில் வந்த புயல்

பாறசாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கினால் பொழியூர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடைசிக் கடற்கரை ஊர் அது. அதைத் தாண்டினால் தமிழ்நாட்டின் நீரோடி. இரு ஊராருக்கும் ஒரே கடல்தான், பெரும்பாலோருக்கு ஒரே சபைதான். 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே கடலில் உருவான ஒரு தாழ்வு மண்டலம் குமரிக் கடலுக்கு வந்தது. மறுநாளே அது ஓகி புயலானது. எச்சரிக்கை வந்தபோது வள்ளங்களும் விசைப்படகுகளும் கடலில் இருந்தன. கேரளம், தமிழகம் இரண்டிலுமாக முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

நவம்பர் 30 மீனவராயிருந்து சீடரான அந்திரேயாவின் திருநாள். 1755-இல் லிஸ்பனை நிலநடுக்கம் அழித்ததும் ஒரு திருநாளில்தான்: நவம்பர் 1, புனிதர் அனைவரின் பெருவிழா. கடவுள் இதை ஏன் விட்டார் என்று ஐரோப்பாவே அன்று கேட்டது. பொழியூரிலும் அதே கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேள்விக்கு இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஒன்று தர்க்க வடிவம். கடவுள் எல்லாம் வல்லவர், முழுக்க நல்லவர், ஆனாலும் தீமை இருக்கிறது. இம்மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்று 1955-இல் ஜே. எல். மாக்கி வாதிட்டார். 1970-களில் ஆல்வின் பிளாண்டிங்கா பதில் சொன்னார். சுதந்திரமான உயிரை எப்போதும் நல்லதையே செய்யும்படி படைப்பது கடவுளாலும் ஆகாத காரியமாக இருக்கலாம். அந்தச் சுதந்திரத்துக்காகக் கடவுள் தீமையை அனுமதித்திருக்கலாம். புயலுக்கு யார் பொறுப்பு? அதுவும் மனிதரல்லாத சுதந்திர ஆவிகளின் செயலாக இருக்கலாம் என்றார். அது உண்மை என்று அவர் சொல்லவில்லை, அப்படி இருக்க முடியும் என்றார். முரண்பாடு இல்லை என்று காட்ட அது போதும். நாத்திக அறிஞர்கள் பலரும் இதை ஒப்புக்கொண்டார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வெற்றி அவ்வளவுதான். அடுத்த வடிவத்தின் முன் 'இருக்கலாம்' உதவாது. வில்லியம் ரோ 1979-இல் கேட்டது சான்றைப் பற்றி. காட்டுத்தீயில் சிக்கி, யாரும் காணாமல், நாட்கணக்கில் துடித்துச் சாகும் ஒரு மான்குட்டியை அவர் எடுத்துக்காட்டினார். நாம் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருக்கும் ஒருவரை நினைப்போம். நாக்கு வறண்டு, இரவு முழுக்கப் பிடித்திருந்த கை கடைசியில் நழுவுகிறது. பார்த்தவர் எவருமில்லை. இந்தச் சாவு இல்லாமல் கிடைத்திருக்கவே முடியாத நன்மை எது? அப்படி ஒன்று இருப்பதாக நம்ப நம்மிடம் என்ன சான்று இருக்கிறது?

துன்பம் ஆன்மாவைப் பண்படுத்துகிறது என்பது ஜான் ஹிக்கின் பதில். அதில் உண்மை உண்டு. அரசின் தேடுதல் தாமதப்பட்டபோது மீனவர்களே படகெடுத்துத் தேடப் போனார்கள். ஆனால் மூழ்கியவர் எதில் பண்பட்டார்? மற்றவரின் கருணை வளர அவர் செத்தார் என்றால் அவரை வெறும் கருவியாக்குகிறோம். ஹிக்கிற்கும் இது தெரியும். அதனால்தான் வளர்ச்சி மரணத்துக்குப் பின்னும் தொடரும் என்றார். அங்கே வளர முடியுமென்றால் இங்கே மூழ்குவது எதற்கு?

இயற்கை விதியைக் காட்டும் பதில் இதைவிட வலுவானது. மழையைத் தரும் வெப்பக் கடல்தான் புயலையும் தருகிறது. விதிகள் நிலையாக இல்லாவிட்டால் படகோட்டவே முடியாது. சரி, புயல்கள் ஏன் இருக்கின்றன என்பது விளங்குகிறது. படகுகள் வெளியே இருக்கும்போது ஏன் யாருக்கும் முன்னறிவு கிடைக்கவில்லை என்பது விளங்கவில்லை. முதல்நாள் இரவு ஒரு கனவு, ஒரு மனக்கலக்கம் வந்திருந்தால் எந்த விதியும் உடைந்திருக்காது. கடவுள் அப்படி எச்சரிப்பவர் என்று நம்புகிறவர்கள்தான் தப்பியவருக்காக நன்றிப் பூசை கொடுக்கிறார்கள்.

கடைசிப் பதில் ஸ்டீபன் வைக்ஸ்ட்ராவுடையது: கடவுளின் காரணம் நம் அறிவுக்கு எட்டாது, நமக்குத் தெரியவில்லை என்பதால் இல்லை என்றாகாது. இதற்கு ஒரு விலை உண்டு. மூழ்கியவரைப் பார்த்துக் கடவுளின் மனத்தைக் கணிக்க முடியாதென்றால் கரைசேர்ந்தவரைப் பார்த்தும் கணிக்க முடியாது. மீட்பில் மட்டும் அவர் அன்பைப் படிக்க நமக்கு வழியில்லை.

புயலுக்குப் பிறகு டிசம்பரில் ஆயிரக்கணக்கான கடலோர மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எச்சரிக்கை ஏன் தாமதம், தேடுதல் ஏன் மெத்தனம் என்று கேட்டார்கள். உங்களுக்குப் புரியாத காரணம் இருக்கும் என்று ஓர் அதிகாரி சொல்லியிருந்தால் ஒருவரும் எழுந்து போயிருக்க மாட்டார்கள். அந்த அதிகாரிக்குக் காற்றை நிறுத்தும் வல்லமை இல்லை. புயல் எவ்வளவு வேகமாக வலுக்கும் என்பதும் முழுக்கத் தெரியாது. இரண்டும் உள்ளவர் என்று சொல்லப்படுகிறவரிடம் அந்தக் கேள்வியை இன்னும் உரக்கக் கேட்க வேண்டும், பூசை நடக்கும் கோவிலுக்குள்ளேயே கேட்க வேண்டும்.