நாலு வரியில் நான்கு ஆண்டு

பேக்எண்ட் டெவலப்பர் ஒருவரின் ரெஸ்யூமில் எல்லாவற்றுக்கும் மேலே நாலைந்து வரிகள் இருக்கும். ப்ரொஃபைல் சம்மரி என்பார்கள். பெரும்பாலும் கடைசியில் அவசரமாக எழுதப்படுவதும் அதுதான், முதலில் படிக்கப்படுவதும் அதுதான். நேர்காணல் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வரிகளைப் படித்துப் படித்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒருவருடைய சம்மரியைப் பக்கத்து ரெஸ்யூமில் ஒட்டினால் யாருக்காவது தெரியுமா என்று பார்ப்பேன். பெரும்பாலும் தெரியாது. "ஆர்வமும் அர்ப்பணிப்பும் மிக்க, எத்தனை பயனர்கள் வந்தாலும் தாங்கும் சிஸ்டங்களை வடிவமைப்பதில் வல்ல பொறியாளர்." இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. சரிபார்க்க அதில் ஒன்றுமே இல்லையே!

இப்படி எழுதுபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது, அது நியாயமான பயம். ரெக்ரூட்டர் எல்லா ரெஸ்யூமையும் உட்கார்ந்து படிப்பவர் அல்ல, தேடுபவர். நௌக்ரியிலோ லிங்க்ட்இன்னிலோ அவர் தேடும் பெட்டியில் அடிப்பது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
"Spring Boot" AND PostgreSQL AND Kafka
```

இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நம் பெயர் அவர் திரைக்கே வராது. எனவே எதையாவது ஒருமுறை தொட்டிருந்தால் போதும், அதையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். காஃப்காவை நிறுவியது வேறு குழு, டாபிக் உருவாக்கியது வேறு ஆள், நாம் எழுதியது ஒரே ஒரு கன்சூமர். சம்மரியில் அது "காஃப்காவில் நிபுணத்துவம்" ஆகிவிடுகிறது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. "காஃப்கா கன்சூமர்கள் எழுதிய அனுபவம்" என்று போட்டால் தேடல் பெட்டிக்கு வேண்டிய சொல்லும் கிடைத்துவிடுகிறது, எதிரே உட்காரும் மனிதருக்கு வேண்டிய அளவும் கிடைத்துவிடுகிறது. கிளஸ்டர் அமைப்பைப் பற்றி யாரும் உங்களைக் குடைய மாட்டார்கள், கன்சூமரைப் பற்றித்தான் கேட்பார்கள். சம்மரியில் நாம் வைக்கும் ஒவ்வொரு சொல்லும் "இதைப் பற்றிக் கேளுங்கள்" என்று நாமே கொடுக்கும் அனுமதிதான். எதைக் கேட்டால் பத்து நிமிடம் தடுமாறாமல் பேச முடியுமோ அதைத்தான் அங்கே வைக்க வேண்டும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் நான்கு ஆண்டு வேலை. முதல் ஒன்றரை ஆண்டு புரொடக்‌ஷன் சப்போர்ட், அடுத்த இரண்டரை ஆண்டு ஜாவா, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ். ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் ஆர்டர் சேவையில் இருக்கிறார். அவர் சம்மரியில் ஒரு வரி: "சிஸ்டத்தின் பெர்ஃபார்மன்ஸை 86 சதவீதம் உயர்த்தினேன்."

நடந்தது இது. வாடிக்கையாளர் தன் பழைய ஆர்டர்களைப் பார்க்கும் ஏபிஐ மெதுவாக இருந்தது. ஒரு பக்கத்துக்கு 20 ஆர்டர். ஹைபர்னேட் முதலில் ஒரு க்வெரியில் 20 ஆர்டர்களை எடுக்கும். பிறகு ஒவ்வொரு ஆர்டருக்கும் உள்ளே என்னென்ன பொருள் என்று தனித்தனியாக டேட்டாபேஸுக்குப் போய் வரும். ஆக மொத்தம் 21 க்வெரி. இவர் லாகைத் திறந்து இதைக் கண்டுபிடித்தார். முதலில் அந்தப் பக்கத்துக்கான 20 ஆர்டர்களை எடுத்து, பிறகு அந்த ஆர்டர்களின் பொருள்களை எல்லாம் ஒரே க்வெரியில் சேர்த்து எடுக்கும்படி மாற்றினார். 21 இரண்டானது. வாடிக்கையாளர் எண், தேதி இரண்டையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸும் போட்டார். நூற்றில் 95 அழைப்புகள் முடிய முன்பு 1.8 விநாடி ஆனது, பின்பு 250 மில்லிவிநாடி ஆனது.

1800-லிருந்து 250. கணக்குப் போட்டால் 86 சதவீதம் குறைவுதான், எண்ணில் பிழையில்லை. ஆனால் அது ஒரு ஏபிஐயின் எண், சிஸ்டத்தின் எண் அல்ல. "சிஸ்டம்" என்ற ஒரு சொல்லைப் போட்டதும் பேக்கிங், பேமென்ட், ரிட்டர்ன் என்று அவர் தொடாத எல்லாமும் அந்தச் சதவீதத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நேர்காணலில் முதல் கேள்வியே "எதை அளந்தீர்கள்?" என்றுதான் வரும். "ஒரு ஏபிஐ சார்" என்று அவர் இறங்கி வரும்போது, செய்த நல்ல வேலையே சின்னதாகத் தெரிந்துவிடும். ஊதிச் சொன்னவருக்கு உண்மையைச் சொல்வதே தோல்வியாகிவிடுகிறது.

அதே விஷயத்தை நடந்தபடி எழுதியிருந்தால் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும். "ஜாயின் ஃபெட்ச் போட்டு ஒரே க்வெரியில் முடித்திருக்கலாமே, ஏன் இரண்டு?" என்று நான் கேட்டிருப்பேன். உண்மையில் இந்த வேலையைச் செய்தவருக்கு இதைவிட இனிய கேள்வி கிடையாது. அப்படிச் செய்தால் ஹைபர்னேட் பக்கம் பிரிக்கும் வேலையை டேட்டாபேஸில் செய்யாமல், பொருந்தும் எல்லா வரிசைகளையும் மெமரிக்குள் இழுத்துவந்து அங்கே பிரிக்கும். லாகில் எச்சரிக்கையும் விழும். அதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு க்வெரியாக்கினேன் என்று அவர் சொல்லும்போது, எதிரே இருப்பவர் தன் கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்.

இதே மனிதர் சம்மரியில் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஒரு காஃப்கா கன்சூமர். ஆர்டர் அனுப்பப்பட்டதும் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். காஃப்கா வழக்கமாக ஒரு செய்தியைக் குறைந்தது ஒருமுறையாவது கொடுக்கும்படிதான் அமைக்கப்படுகிறது. கன்சூமர் செய்தியைக் கையாண்டு முடித்து, ஆஃப்செட்டைப் பதிவதற்குள் செத்துவிழுந்தால் அதே செய்தி மறுபடி வரும். சிலருக்கு ஒரே எஸ்எம்எஸ் இரண்டு முறை போய்க்கொண்டிருந்தது. இவர் ஒவ்வொரு நிகழ்வின் அடையாள எண்ணையும் ஒரு டேபிளில் யூனீக் கட்டுப்பாட்டோடு பதிந்துவிட்டு, ஏற்கெனவே இருந்தால் ஒதுக்கிவிடும்படி செய்தார். எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு முன் பதிவதா, பின் பதிவதா என்று யோசித்து முன்னால் பதிந்தார். நடுவில் விழுந்தால் ஒரு எஸ்எம்எஸ் போகாமல் போகலாம், இரண்டு முறை போகாது என்று தெரிந்தே எடுத்த முடிவு. நாற்பது வரி கோட் கூட இருக்காது. "சின்ன வேலை சார், அதைப் போய் எழுதுவானேன்" என்பார்.

நம் ஊர் ஆட்களிடம் இது நிறைய உண்டு. ஒரு பக்கம் தொடாததை எல்லாம் நிபுணத்துவம் என்று எழுதுவது, மறுபக்கம் தலையைப் பிய்த்துக்கொண்டு தீர்த்த சிக்கலை "பங்கெடுத்தேன்", "உதவினேன்" என்று சுருட்டி வைப்பது. முதலாவதை மிகை என்கிறோம், இரண்டாவதை அடக்கம் என்று பாராட்டுகிறோம். எனக்கு இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாகவே படுகிறது. தான் செய்த வேலையை எழுதியவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிறர் எதைப் பெரிதாக நினைப்பார்கள் என்று யூகித்து, அதற்குப் பக்கத்தில் இருந்ததை ஊதினார், தூரத்தில் இருந்ததை விட்டுவிட்டார். மிகையில்லாமல் எழுதுவது என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்ததை நடந்த அளவில் சொல்வதுதான் அது. சில இடங்களில் அதற்குக் குரலை உயர்த்தவும் வேண்டியிருக்கும்.

திரும்பிப் பார்க்க வழி இருக்கிறது. நம் தொழிலில் செய்ததற்கெல்லாம் தடயம் மிஞ்சுகிறது.

```
git log --author="$(git config user.name)" --since="1 year ago" --oneline
```

ஒரு ஆண்டின் வேலை வரிசையாக வந்து விழும். அதோடு ஜிரா டிக்கெட்டுகளையும் வைத்துப் பார்த்தால், நினைவு சொல்வது ஒன்று, லாக் சொல்வது ஒன்று என்று தெரியும். "முழு மாட்யூலையும் நான்தான் எழுதினேன்" என்று நம்பிக்கொண்டிருப்பவருக்கு, --author இல்லாமல் அந்த மாட்யூலின் லாகைப் பார்த்தால், அதில் பாதி கமிட் நண்பருடையது என்று தெரியவரும். இன்னொருவருக்கு, தான் மறந்தே போன ஒரு மைக்ரேஷன் கண்ணில் படும்.

மீதி எல்லாம் சில்லறை விஷயங்கள். நான்கு ஆண்டில் ஒன்றரை ஆண்டு சப்போர்ட் என்றால் அதையும் சொல்லிவிடுவது நல்லது. நள்ளிரவில் அலர்ட் வந்து எழுந்து பார்த்த அனுபவம் பேக்எண்டுக்கு இழுக்கு அல்ல. வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரை ஒப்பந்தம் தடுத்தால் "சில்லறை வணிகம்" என்று துறையைச் சொன்னால் போதும். நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால் 90 என்றே எழுதுங்கள். உடனே சேருவேன் என்று எழுதி அழைப்பு வந்தபின் மழுப்பினால் ரெக்ரூட்டர் அதை மறக்க மாட்டார். லிங்க்ட்இன்னில் தன்னைப் பற்றி எழுத 2600 எழுத்துகள் வரை இடம் உண்டு என்பதற்காக அதை நிரப்ப வேண்டியதில்லை. முதல் சில வரிகள்தான் திறந்த உடனே தெரியும், மற்றவை மடிப்புக்குள் போய்விடும்.

நம் ஆளின் சம்மரி இப்போது என்னவாகும்? பதிவது ஆங்கிலத்தில்தான், பொருளைத் தமிழில் தருகிறேன்:

"பேக்எண்ட் டெவலப்பர். மொத்தம் 4 ஆண்டு அனுபவம், அதில் கடைசி இரண்டரை ஆண்டு ஜாவா 17, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ்கியூஎல். அதற்கு முன் புரொடக்‌ஷன் சப்போர்ட். சில்லறை வணிகத்துக்கான ஆர்டர் சேவையில் பணி. ஆர்டர் வரலாறு ஏபிஐயின் பி95 நேரத்தை 1.8 விநாடியிலிருந்து 250 மில்லிவிநாடிக்குக் குறைத்தேன் (பக்கத்துக்கு 21 க்வெரியை 2 ஆக்கி, கூட்டு இண்டெக்ஸ் சேர்த்து). எஸ்எம்எஸ் இருமுறை போகாதபடி காஃப்கா கன்சூமரை மாற்றி எழுதினேன். நோட்டீஸ் காலம் 90 நாள்."

இதில் "ஆர்வமிக்க" இல்லை, "நிபுணர்" இல்லை. ரெக்ரூட்டர் தேடிய மூன்று சொற்களும் இருக்கின்றன. வேறு ஒருவர் ரெஸ்யூமில் இதை ஒட்ட முடியாது. ஒட்டினாலும் முதல் கேள்வியிலேயே பிடிபடுவார்.

ஒரு வேண்டுகோள். இந்த எண்களை வேலையை விடும்போது தேடாதீர்கள், வேலை முடிந்த வாரமே குறித்து வையுங்கள். கம்பெனியின் கோடோ தரவோ வேண்டாம். எந்த ஏபிஐ, முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, ஏன் என்று இரண்டு வரி போதும். ப்ராமிதியஸில் அமைப்பை யாரும் மாற்றவில்லை என்றால் அளவீட்டுத் தரவு 15 நாள்தான் இருக்கும்.