இலக்கணமும் அடையாளமும்

ஒன்றை அறிய உதவும் அடையாளமே அதன் இலக்கணமாகுமா? குவிவுச் சார்பு இவ்வினாவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

வரைபின் எவ்விரு புள்ளிகளை இணைக்கும் நாணும் இடையிலுள்ள வரைபுக்குக் கீழே இறங்காதிருத்தலே குவிவு. சார்பு இருமுறை வகையிடத்தக்கதாயின், இரண்டாம் பெறுதி எங்கும் மறையல்லாததாயிருத்தல் இதற்குச் சமமாகும். அப்போது வலப்புறம் செல்லச் செல்லப் படித்திறன் குறைவதில்லை. ஆகவே நாணின் முனைகளுக்கிடையே எப்புள்ளியை எடுப்பினும், அதன் இடப்புறச் சராசரிப் படித்திறன் வலப்புறத்ததை விஞ்சாது. வரைபு நாணுக்கு மேலெழ இயலாது.

ஆயினும் |x| என்னும் சார்பை நோக்குக. −1 இலிருந்து 1 வரையிலான நாண் 1 என்னும் உயரத்தில் நிற்க, வரைபு 0 வரை இறங்குகின்றது. எந்த நாணும் அதற்குக் கீழே செல்வதில்லை. அது குவிவுச் சார்பே. எனினும் x = 0 இல் முதற்பெறுதிதானும் இல்லை. அங்குச் சோதனை ‘அன்று’ எனக் கூறவில்லை, மௌனம் சாதிக்கின்றது. அம்மௌனத்தை மறுப்பெனக் கொள்வோர் இலக்கணத்தை இழந்து அடையாளத்தைப் பற்றிக்கொள்கின்றனர்.