ஒத்துழைப்பும் ஒப்புதலும்

பிரசவ வார்டில் ஓயாமல் காதில் விழும் சொல் 'கோஆப்பரேட்'. "கோஆப்பரேட் பண்ணும்மா" என்பதைக் கெஞ்சலாகவும் சொல்வார்கள், அதட்டலாகவும் சொல்வார்கள். ஒத்துழைக்கவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பதும் உண்டு. 'ஒப்புதல்' என்பது அங்கே ஒரு காகிதத்தின் பெயர். அது கதவுக்கு வெளியே, பையும் ஃபிளாஸ்க்குமாக நிற்கும் கணவரிடமோ அம்மாவிடமோ போய்க் கையெழுத்தோடு திரும்பி வரும். ஒத்துழைக்க வேண்டியவள் அவள், ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள். இந்தப் பங்கீடு எப்படி இவ்வளவு இயல்பானது என்பதுதான் என் கேள்வி.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இருபத்து நான்கு வயது, முதல் பிரசவம், முப்பத்தொன்பது வாரம் முடிந்திருக்கிறது. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ கிடையாது. இரவு இரண்டு மணிக்கு வலியோடு அரசு மருத்துவமனைக்கு வருகிறாள். வந்தவுடன் நடப்பவை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்ப்பார்கள். வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று கணிப்பார்கள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் சரி. பத்து நிமிடத்தில் எத்தனை முறை வலி வருகிறது என்று வயிற்றில் கை வைத்து எண்ணுவார்கள். எண்ண வேண்டும் என்பது விதி. கூட்ட நேரத்தில் அவளையே கேட்டு எழுதிக்கொள்வதும் நடக்கும்.

பிறகு உள் பரிசோதனை. கையுறை அணிந்த இரண்டு விரல்களைப் பிறப்புறுப்புக்குள் செலுத்தி, கருப்பைவாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, பனிக்குடம் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. நம் பெண்ணுக்கு மூன்று சென்டிமீட்டர். இது வேண்டிய பரிசோதனைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விரல் தரும் தகவலை வெளியிலிருந்து அவ்வளவு துல்லியமாகப் பெற முடியாது. ஆனால் எத்தனை முறை? உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிப் பிரசவம் வேகமெடுத்த பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். ஒரே பெண்ணைப் பலர் அடுத்தடுத்துப் பரிசோதிப்பதைத் தவிர்க்கவும் அது சொல்கிறது. கற்பிக்கும் மருத்துவமனையில் முதலில் ஸ்டாஃப் நர்ஸ், பிறகு பயிற்சி மருத்துவர், அவர் சொன்னது சரியா என்று பார்க்க டூட்டி டாக்டர், ஷிஃப்ட் மாறியதும் அடுத்தவர் என்று நான்கு கைகள் காலைக்குள் வந்துவிடலாம். கற்றுக்கொள்பவருக்கு ஓர் உடல் வேண்டும் என்பது உண்மைதான். அது தன் உடலாக இருக்கலாமா என்று அவளைக் கேட்க வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை.

நான் அதிகம் யோசிப்பது வேறொன்றைப் பற்றி. விரல்கள் உள்ளே இருக்கும்போதே பார்ப்பது செய்வதாக மாறிவிடும் தருணம் அது. பனிக்குடம் விரலில் தட்டுப்படுகிறது. வார்டில் ஆறு பேர் இருக்கிறார்கள், இவளுக்குச் சீக்கிரம் முடிந்தால் நல்லது. கொக்கி போன்ற கருவி எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஓர் இழுப்பு, வெதுவெதுப்பான நீர் தொடையில் வழிகிறது. "தண்ணி குடம் உடைச்சாச்சு, இனி சீக்கிரம் ஆயிடும்" என்கிறார்கள். அவளுக்குத் தெரிய வருவது செய்து முடித்த பிறகு.

இது சின்ன விஷயம் அல்ல. உடைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அதன்பின் வலி பெரும்பாலும் கடுமையாகும். தலை சரியாக இறங்காத நிலையில் உடைத்தால் தொப்புள்கொடி முன்னால் நழுவி வரும் ஆபத்து உண்டு. நேரம் ஆக ஆக, ஒவ்வொரு உள் பரிசோதனையோடும், நோய்த்தொற்றின் வாய்ப்பும் கூடும். அதனால் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. எட்டு மணி நேரம் கழித்து "தண்ணி போய் நேரமாச்சு" என்பதே அடுத்த தலையீட்டுக்குக் காரணமாகலாம். பிரசவம் தாமதமாகாமல் தடுப்பதற்கென்று பனிக்குடத்தை மட்டும் உடைப்பதை அதே 2018 பரிந்துரை ஏற்கவில்லை. உடைக்க வேண்டிய சூழ்நிலைகள் இருக்கின்றன. அவை இருக்கும்போது காரணத்தைச் சொல்லவும் முடியும்.

"உள்ளே பார்க்க அவள் சம்மதித்தாள் அல்லவா?" என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2008இல், சமீரா கோலி வழக்கில் பதில் சொல்லிவிட்டது. அது பிரசவ வழக்கு அல்ல. நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர், உள்ளே என்ன பிரச்சினை என்று கருவி வைத்துப் பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது மருத்துவரின் உதவியாளர் வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கினார். கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. கண்டறிவதற்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது என்றது தீர்ப்பு. உயிர் போகும் அவசரம் இல்லாதபோது, தற்காலிகமாக நினைவிழந்த ஒரு வயதுவந்த பெண்ணுக்காக அவர் தாய் சம்மதிக்க முடியாது. அவர் விழிக்கும்வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னது. நினைவே இல்லாத பெண்ணுக்குப் பதிலாக அம்மா கையெழுத்திடக் கூடாது என்றால், கண் திறந்து, பெயர் சொல்லி, தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்குப் பதிலாகக் கணவர் எப்படிக் கையெழுத்திட முடியும்?

சட்டத்தின் எல்லா மூலைகளும் இவ்வளவு தெளிவாக இல்லை. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 7.16 என்ற பிரிவு, அறுவைக்கு முன் எழுத்தில் சம்மதம் பெற வேண்டியவர்களை அடுக்குகிறது. முதலில் வருவது கணவன் அல்லது மனைவி. சிறாருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர். நோயாளி கடைசியில்தான் வருகிறார். வார்டின் பழக்கம் இந்த வரிசையை அப்படியே பின்பற்றுகிறது. இதற்கு நேர்மாறாக, 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் வயதுவந்த பெண்ணின் சம்மதத்தை மட்டுமே கேட்கிறது; கணவருக்கு அதில் இடமே இல்லை. கருவைக் கலைப்பதா வேண்டாமா என்று தானே தீர்மானிக்கக்கூடியவள், அதே கருவைப் பெற்றெடுக்கும் மேசையில் ஏறியதும் அந்தத் தகுதியை எங்கே இழந்தாள்?

வலியில் இழந்தாள் என்பதுதான் வழக்கமான பதில். கத்திக்கொண்டிருப்பவளிடம் எப்படி விளக்குவது, என்ன கேட்டாலும் "எதையாவது பண்ணுங்க" என்பாள் என்கிறார்கள். நேர்மையான பதில்தான், அதனால் அதைச் சரிபார்த்துவிடலாம். பத்து நிமிடத்தில் மூன்று வலி, ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து விநாடி என்று வைத்தால், அறுநூறு விநாடிகளில் நூற்று முப்பத்தைந்து வலிக்கு. மிச்சம் ஏழேமுக்கால் நிமிடம். அந்த நிமிடங்கள் சுகமானவை என்று சொல்லவில்லை. இடுப்பு கழன்று போகும், களைப்பு இருக்கும், பயம் இருக்கும். ஆனாலும் வீட்டுச் சாவி எங்கே என்று சொல்லவும், பெரிய பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்யவும், நர்ஸின் முகத்தைப் பார்த்து நிலைமையை ஊகிக்கவும் பெண்கள் அந்த இடைவெளியைப் பயன்படுத்தத்தான் செய்கிறார்கள். கேள்வியை அந்த இடைவெளிக்குள் அடங்கும்படி வெட்டிக்கொள்ள வேண்டியது கேட்பவரின் வேலை. "தண்ணிக் குடத்தை உடைக்கலாம்னு நினைக்கிறேன். வலி அதிகமாகும், சீக்கிரம் ஆகலாம். இப்போ வேண்டாம்னா காத்திருக்கலாம். என்ன சொல்ற?" பத்து விநாடி. வலி நடுவில் வந்தால் கையை எடுத்துவிட்டு, அது அடங்கும்வரை நிற்க வேண்டும்.

நேரமில்லை என்பார்கள். ஒரு நர்ஸுக்கு நான்கு மேசை என்றால் உண்மையிலேயே நேரமில்லை. அது அவர் குற்றமும் அல்ல. ஆனால் அதே வார்டில் திட்டுவதற்கு நேரம் இருக்கிறது. "அப்போ இனிச்சுது, இப்போ கசக்குதா" என்ற வசனம் தமிழ்நாட்டில் பெற்றெடுத்த எத்தனை பெண்களுக்கு மனப்பாடம்! அதைச் சொல்லவும் ஏறக்குறைய அதே விநாடிகள்தான் ஆகும்.

கருவியின் பக்கம் ஒரு வார்த்தை. வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டி, குழந்தையின் துடிப்பையும் வலியையும் தாளில் வரையும் சி.டி.ஜி.யை, வந்தவுடன் எல்லோருக்கும் இருபது நிமிடம் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சிக்கல் எதுவும் இல்லாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கோடுகள் தவறாக எச்சரிப்பது அதிகம், அதனால் சிசேரியன் கூடலாம். குழந்தைக்குப் பலன் கிடைத்ததாக நிரூபணம் இல்லை. நம் பெண்ணுக்குச் சின்ன டாப்ளரை வைத்து, பிரசவம் வேகமெடுத்த பின் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு நிமிடம் கேட்டால் போதும். நடக்கலாம், உட்காரலாம். ஆனால் பட்டை கட்டப்பட்டதும் அவள் மல்லாந்து கிடக்க வேண்டியதாகிறது. தேர்வு இருந்தது என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் இதை யாரும் ஒரு சிகிச்சையாகவே கருதுவதில்லை.

இனி அவசரம். அதிகாலை ஐந்து மணிக்கு, நீர் வடிந்த சற்று நேரத்தில், குழந்தையின் துடிப்பு எண்பதுக்கு இறங்கி ஏறாமல் நிற்கிறது. உள்ளே பார்த்தால் கொடி விரலில் தட்டுகிறது. இங்கே விரலை எடுக்கவே கூடாது. கொடி நசுங்காமல் தலையை மேலே தள்ளிப் பிடித்தபடி அறுவை அரங்குக்கு ஓட வேண்டும். உயிர் காக்கும் அவசரத்தில் சம்மதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று சட்டமும் சொல்கிறது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. தள்ளுவண்டியோடு ஓடும்போதே "கொடி முன்னாடி வந்திருக்கு, பிள்ளையைக் காப்பாத்த உடனே ஆபரேஷன் பண்ணணும், சரியா?" என்று அவளைப் பார்த்துச் சொல்ல முடியும், நல்ல மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனக்குப் பிரச்சினை இந்த ஐந்து நிமிடம் அல்ல. இந்த ஐந்து நிமிடத்துக்கு உரிய விலக்கை முன்னிருந்த மூன்று மணி நேரத்துக்கும், பின்னால் வரப்போகும் தையலுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வதுதான்.

வலி தகுதியைப் பறிப்பதில்லை என்று சொல்லும்போது ஒரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். வலியின் நடுவே கேட்கக் கூடாத கேள்விகளும் உண்டு. நஞ்சுக்கொடி வந்த பத்து நிமிடத்துக்குள் காப்பர் டி வைக்க முடியும். அதற்காக, பிரசவ வலி உச்சத்தில் இருக்கும்போது "வச்சிடலாமா?" என்று கேட்டு, ஒரு தலையசைப்பை வாங்கிக்கொண்டு வைத்துவிடுவது நடக்கிறது. கேட்காமலே வைத்துவிடுவதும் நடக்கிறது. வாரக்கணக்கில் வயிறு வலித்துப் போனபிறகுதான் சிலருக்குத் தெரிய வருகிறது. பனிக்குடக் கேள்வி அந்த இரவுக்கு உரியது, முன்கூட்டி முடிவு செய்ய முடியாது. காப்பர் டி அப்படி அல்ல. அவள் ஐந்தாம் மாதத்தில் செக்கப்புக்கு வந்து பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாளே, அப்போது கேட்டிருக்கலாம், வீட்டுக்குப் போய் யோசித்து வரச் சொல்லியிருக்கலாம், வேண்டாம் என்றால் அட்டையில் எழுதியிருக்கலாம். அந்த அட்டை இரவு இரண்டு மணிக்கு அவளோடுதான் வருகிறது. ரத்த வகை, ஹீமோகுளோபின், ஊசி போட்ட தேதி எல்லாம் அதில் இருக்கிறது.